உஷார்! பாலம் ஏறத் தொடங்கிய பிறகு கியரைத் தொடாதீர்கள்

துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர் ஒன்று உங்கள் வலது தோளுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு ஏறுகிறது. இடது பக்கம் பாலத்தின் கைப்பிடிச் சுவர். நடுவில் மிச்சமிருக்கிற சந்தில் நீங்கள் சைக்கிளில் ஏறுகிறீர்கள். பாதி தூரம் வந்ததும் தொடை கனக்கிறது, மூச்சு வாங்குகிறது. அப்போதுதான் இது கியர் சைக்கிள் என்ற ஞாபகம் வருகிறது. பெடலை விடாமல் அழுத்தியபடியே கட்டைவிரலால் லீவரைத் தள்ளுகிறீர்கள். ‘கடக்’ என்று ஒரு சத்தம். செயின் நழுவுகிறது. முழு எடையோடு மிதித்துக்கொண்டிருந்த கால், பிடிமானம் இல்லாமல் சட்டென்று கீழே போகிறது. ஹேண்டில் திரும்புகிறது. அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது உங்கள் கையில் இல்லை.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று இந்தப் பக்கம் சைக்கிளில் போகிற அத்தனை பேரும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோர்களும், இதைப் படித்துவிடுங்கள். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போகிறவர்கள் கியரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போவார்கள். நமக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் நம் ஊர் தட்டை. கடலோரச் சமவெளி. வருடம் முழுக்க ஒரே கியரில் ஓட்டினாலும் ஒரு குறையும் தெரியாது. மேடு என்று இங்கே இருப்பதெல்லாம் மனிதர் கட்டியவைதான்: ரயில்வே மேம்பாலமும், ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அதற்குப் பிறகு வந்த கும்மிடிப்பூண்டி மார்க்கம், துறைமுகத்துக்குப் போகிற சரக்குப் பாதைகள், தொழிற்சாலைகளுக்குப் பிரிகிற பாதைகள் எல்லாம் சேர்ந்து இந்தப் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக ஏறியோ இறங்கியோதான் ஆக வேண்டும்.

ஆகவே இங்கே நடப்பது இதுதான். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த கியரை ஒருவர் முதன்முதலாகத் தொடுவது மேம்பாலத்தின் நடுவில், கால் சோர்ந்த நேரத்தில், பின்னால் டிரெய்லர் வரும்போது. இதைவிட மோசமான இடமும் நேரமும் கிடையாது. அதற்குள் உப்புக் காற்று அந்த கியரின் கம்பியையும் செயினையும் தின்று வைத்திருக்கும்.

முதலில் கியர் என்னதான் செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரத்தில் இத்தனை பற்கள், பின் சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீலில் இத்தனை பற்கள் என்று இருக்கும். கனமான பழைய மாடல் சைக்கிள்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருப்பது வழக்கம். 44-ஐ 18-ஆல் வகுத்தால் சுமார் 2.44. அதாவது பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். அந்தப் பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். ஆக, ஒரு பெடல் சுற்றுக்கு சைக்கிள் 5.4 மீட்டர் முன்னேறுகிறது. சமதரையில் இது அருமையான அளவு.

கியர் சைக்கிளில் பின்னால் ஒரு பல்சக்கரத்துக்குப் பதில் ஆறோ ஏழோ அடுக்கியிருக்கும். பெரும்பாலானவற்றில் முன்னாலும் மூன்று இருக்கும். 21 கியர் என்று கடையில் சொல்வது இந்த 3-ஐயும் 7-ஐயும் பெருக்கி வந்த கணக்கு. முன்னால் 24, 34, 42 பற்கள். பின்னால் 14-இல் தொடங்கி 28 வரை என்பது கடைகளில் அதிகம் கிடைக்கும் அமைப்பு. இவற்றின் சக்கரமும் பழைய மாடலைவிடச் சற்றுச் சிறியது என்பதால், முன்னால் 34-இலும் பின்னால் 28-இலும் செயினைப் போட்டால் ஒரு பெடல் சுற்றுக்கு சைக்கிள் சுமார் 2.5 மீட்டர்தான் போகும். முன்னால் 24-க்குப் போனால் 1.8 மீட்டர்கூட வராது. இவைதான் இலகுவான கியர்கள். பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு, அதை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்: முன்னால் சின்னது என்றால் இலகு, பின்னால் பெரியது என்றால் இலகு. இரண்டு லீவரிலும் 1 என்ற எண் இலகுவான பக்கத்தைத்தான் காட்டும்.

இப்போது ஒரு பாலத்தை ஏறிப் பார்ப்போம். ஓட்டுகிறவர் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, கேரியரில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. மொத்தம் 100 கிலோ. ரயிலின் மின்கம்பிக்கு மேலே சாலை போக வேண்டும் என்பதால் பாலம் 8 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். சரிவு 30 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. அப்படியானால் ஏற்றத்தின் நீளம் 240 மீட்டர். சமதரையில் இந்த 100 கிலோவை உருட்ட ஏறத்தாழ 1 கிலோ இழுவை போதும். இந்தச் சரிவில் புவியீர்ப்பு இன்னும் 3.3 கிலோவைப் பின்னால் இழுக்கிறது. 1 கிலோ இருந்த இடத்தில் 4.3 கிலோ. கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிற ஒரு சரிவு, காலுக்கு நான்கு மடங்குக்கு மேல் வேலை வைக்கிறது.

அந்த 4.3 கிலோவை பெடலுக்குக் கொண்டுவருவோம். பெடல் தண்டின் நீளம் 17 சென்டிமீட்டர். பாதம் ஒரு சுற்றில் சுமார் 1.07 மீட்டர் பயணம் செய்கிறது. பாதம் 1.07 மீட்டர் நகரும்போது சைக்கிள் 5.4 மீட்டர் நகர வேண்டுமானால், பாதத்தில் விழும் பாரம் ஐந்து மடங்கு: சராசரியாக 22 கிலோ. சுற்று முழுக்க ஒரே சீராக யாராலும் மிதிக்க முடியாது. பெடல் கீழே இறங்கும்போதுதான் அழுத்துகிறோம். அந்த உச்ச நேரத்தில் அது 35 கிலோவைத் தொடும். அதே ஏற்றத்தை 34-28 கியரில் ஏறினால் சராசரி 10 கிலோ, உச்சத்தில் 16 கிலோ. உட்கார்ந்தபடியே, ஹேண்டிலை இறுக்காமல் மிதிக்கலாம்.

இதில் ஒரு மாயமும் இல்லை. 100 கிலோவை 8 மீட்டர் தூக்குவது எந்த கியரிலும் அதே வேலைதான். ஒற்றை கியரில் 44 சுற்று கடினமாக மிதிக்கிறீர்கள். இலகுவான கியரில் 96 சுற்று லேசாக மிதிக்கிறீர்கள். ஒரே மாடிக்கு உயரமான படிகள் குறைவாக வைத்து ஏறுவதும் குட்டைப் படிகள் அதிகமாக வைத்து ஏறுவதும் போல. தசையைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு மிதியும் 35 கிலோ என்றால் முட்டியும் தொடையும் சீக்கிரம் தளர்ந்துவிடும். 16 கிலோ என்றால் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும், கால் தாங்கும்.

சுமையையும் சரிவையும் சற்றே கூட்டிப் பாருங்கள். இரண்டு கேன், 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். ஒற்றை கியரில் உச்ச அழுத்தம் 57 கிலோ. ஓட்டுகிறவரின் எடையே 60. அதாவது அவர் சீட்டை விட்டு எழுந்து தன் முழு உடம்பையும் ஒவ்வொரு பெடலின் மீதும் ஏற்றினால்தான் சைக்கிள் நகரும். தண்ணீர் கேன் போடுகிறவர்களும், காசிமேட்டிலிருந்து ஐஸ் போட்ட மீன் எடுத்துப்போகிறவர்களும், துறைமுக வாசலில் டீ கேனோடு நிற்கிறவர்களும் பாலத்தில் அப்படி எழுந்து நின்று ஏறுவதைத் தினமும் பார்க்கிறோம். அவர்கள் உடல் ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமும் சாய்கிறது. சைக்கிள் எதிர்ப்பக்கம் சாய்கிறது. முன் சக்கரம் நேர்கோட்டில் போகாமல் பாம்பு போல நெளிகிறது. அந்த நெளிவுதான் உயிருக்கு ஆபத்து.

டிரெய்லரின் நீளத்தை யோசித்துப் பாருங்கள். 40 அடி கண்டெய்னர் ஏற்றிய வண்டி, இழுக்கும் முன்பகுதியோடு சேர்த்துச் சுமார் 16 மீட்டர். பாரத்தோடு பாலம் ஏறும்போது அது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் உங்களை முழுதாகக் கடக்க ஏறக்குறைய 10 விநாடி எடுக்கும். அந்த 10 விநாடியும் நீங்கள் கோடு பிடித்த மாதிரி நேராகப் போயாக வேண்டும். டிரைவர் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஒதுங்கியிருப்பார். ஆனால் அவருடைய கேபின் தாண்டிய பிறகு, பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் நீங்கள் நெளிவது அவர் கண்ணில் படுவது கஷ்டம். கடற்காற்று அடிக்கிற பிற்பகலில் பாலத்தின் உச்சியில் பக்கவாட்டுத் தள்ளல் வேறு. லாரி கடந்து முடிக்கும்போது அந்தக் காற்று மறைவு விலகி, சட்டென்று ஒரு தள்ளு தள்ளும்.

அப்படியானால் இருப்பதிலேயே மிக இலகுவான கியரைப் போட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். அங்கேயும் உஷார். 24-28 கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான். வேகமான நடையை ஒட்டிய வேகம் அது. அவ்வளவு மெதுவாகப் போகும்போது சைக்கிள் தானாக நிமிர்ந்து நிற்காது, ஹேண்டிலை ஆட்டி ஆட்டித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். மறுபடியும் நெளிவுதான். 34-28 கியரில் அதே 60 சுற்றுக்கு 9 கிலோமீட்டர் வருகிறது. சாதாரண சுமையோடு நம் பாலங்களை ஏற அதுதான் சரியான இடம். 24 பல் உள்ள சின்னச் சக்கரத்தைக் கடும் சுமை இருக்கும் நாளுக்கும், செங்குத்தான சுரங்கப்பாதை வாய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும், எழுந்து நிற்கவே கூடாது. காரணம் இதுதான். முன் பல்சக்கரம் சிறியதாக ஆக, அதே மிதிக்கு செயின் மீது விழும் இழுவை கூடுகிறது. 60 கிலோ ஆள் எழுந்து நின்று மிதித்தால், 44 பல் சக்கரத்தில் செயின் சுமார் 115 கிலோ இழுவையைத் தாங்குகிறது. 24 பல் சக்கரத்தில் அதே மிதி 210 கிலோ ஆகிறது. துரு ஏறிய செயின் அறுவதும், தேய்ந்த பல்லின் மேல் வழுக்குவதும் இந்த நேரத்தில்தான்.

இனி முக்கியமான விஷயம்: எப்போது மாற்றுவது? நம் ஊரில் விற்கும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை செயினைப் பக்கவாட்டில் தள்ளி, ஒரு பல்லிலிருந்து இறக்கி இன்னொரு பல்லில் ஏற்றும் வகை. மாறுகிற அந்த அரைச் சுற்று நேரத்தில் செயின் எந்தப் பல்லிலும் முழுதாக உட்கார்ந்திருக்காது. அந்த நேரத்தில் 35 கிலோ மிதி விழுந்தால் செயின் பல்லின் நுனியில் நின்று வழுக்கும், அல்லது இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே சிக்கும், அல்லது அதன் பக்கத் தகடு வளைந்து பின்னொரு நாள் அறும். பெடல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் அதில் பாரம் இருக்கக் கூடாது. ஏற்றத்தின் நடுவில் இது நடக்காத காரியம். பாரம் இல்லாமல் மிதித்தால் சைக்கிள் நின்றுவிடும்.

ஆகவே சாலை தூக்கத் தொடங்குவதற்கு 10, 15 மீட்டர் முன்னாலேயே, சமதரையில், வேலையை முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு கிளிக்காக. ஒரு கிளிக், ஒரு பெடல் சுற்று லேசாக, செயின் உட்கார்ந்ததும் அடுத்த கிளிக். மூன்று கிளிக்கை ஒரே அழுத்தில் தள்ளாதீர்கள். சமதரையில் இலகுவான கியரில் கால் வேகமாகச் சுற்றுவது கொஞ்சம் அபத்தமாகத் தோன்றும். அடுத்த சில மீட்டரில் ஏற்றம் வந்து காலைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும்.

முன் பல்சக்கரத்தை மாற்றுவது பின்னாலுள்ளதை விட ஆபத்தானது. அங்கே செயின் மேல்பக்கத்தில், முழு இழுவையோடு இருக்கும்போது தள்ளப்படுகிறது. பெரியதிலிருந்து சின்னதுக்கு இறக்கும்போது உள்பக்கமாகக் கழன்று விழுந்துவிடும். அதனால் என் கருத்து: நம் ஊருக்கு முன்னால் நடுச்சக்கரமே போதும். கடும் சுமையோ செங்குத்தான சுரங்கப்பாதையோ இல்லாத நாளில் இடது லீவரை 2-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பின்னால் உள்ள ஏழிலேயே சமதரைக்கும் பாலத்துக்கும் தேவையான எல்லாம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுத்தாலே பாதி ஆபத்து தீர்ந்தது.

திருவொற்றியூர் மாணிக்கம் நகர் போன்ற சுரங்கப்பாதைகளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. பாலத்தில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். சுரங்கத்தில் முதலில் இறக்கம். வேகமாக இறங்குகிறீர்கள், பெடல் சும்மா நிற்கிறது, கியர் இன்னும் சமதரைக் கணக்கிலேயே இருக்கிறது. அடியைத் தொட்டதும் எதிரே ஏற்றம் வந்துவிடும். வேகம் இருக்கும்வரை ஏறிவிட்டு, நின்றுபோகிற இடத்தில் லீவரைத் தேடுவார்கள். அதற்குப் பதிலாக, இறங்கும்போதே பெடலைச் சும்மா லேசாகச் சுற்றியபடி பின்னால் பெரிய பல்லுக்கு வந்துவிடுங்கள். செயின் நகர்ந்துகொண்டிருக்கிறது, பாரம் துளியும் இல்லை. கியர் மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. உள்ளே தண்ணீர் நின்றால் இறங்கவே இறங்காதீர்கள், அது தனிக் கதை.

இதுவரை சொன்னதெல்லாம் ஓட்டுகிறவர் கையில் இருப்பது. இனிச் சொல்லப்போவது வண்டியில் ஒளிந்திருக்கும் ஆபத்து. எனக்கு மிகவும் பயம் இதில்தான். பின்னால் பெரிய பல்சக்கரத்தை ஒட்டி, சில மில்லிமீட்டர் இடைவெளியில், ஸ்போக்ஸ் கம்பிகள் இருக்கின்றன. செயினைத் தள்ளும் கை அந்தப் பெரிய பல்லோடு நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஒரு நூல் போனாலும் செயின் ஸ்போக்ஸுக்குள் விழும், அல்லது அந்தக் கையே சுற்றுகிற கம்பிகளில் மாட்டி இழுபடும். பின் சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். மிக இலகுவான கியரைத் தொடும் அதே தருணத்தில், அதாவது ஏற்றத்தில்தான், இது நடக்கும்.

அந்தக் கை எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்ய அதிலேயே இரண்டு சிறு திருகாணிகள் இருக்கின்றன. பக்கத்தில் H, L என்று பொறித்திருக்கும். H என்பது சின்னப் பல் பக்கத்து எல்லை, L என்பது பெரிய பல் பக்கத்து எல்லை. நமக்குக் கவலை L. புது சைக்கிள் பெட்டியில் வந்து கடையில் அவசரமாகப் பூட்டப்படும்போது இதைச் சரிபார்க்காமலே கொடுத்துவிடுவது உண்டு. நீங்களே பார்க்கலாம். ஒருவர் சீட்டைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கட்டும். நீங்கள் பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பெரிய பல்லுக்கு மாற்றுங்கள். பின்னாலிருந்து குனிந்து பாருங்கள்: செயினை வழிநடத்தும் மேல் குட்டிச் சக்கரம் பெரிய பல்லுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பெடலை நிறுத்திவிட்டு, அந்தக் கையை விரலால் ஸ்போக்ஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது. அசைந்து உள்ளே போனால் L திருகாணியை வலச்சுற்றாகக் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்குங்கள். அசைவு நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

திருகாணி சரியாக இருந்தும் இந்த ஆபத்து வரலாம். காரணம், நம் ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுகளும் தொழிற்சாலை வாசல்களும். ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்து நிறுத்துகிறோம், ஒன்று விழுந்தால் வரிசையே விழும். வலது பக்கமாக விழுந்த சைக்கிளில் அடி வாங்குவது கியர் கைதான். அதைத் தாங்கும் சின்ன உலோகக் காது உள்பக்கம் வளைந்துவிடும். வண்டி வழக்கம்போல ஓடும், சமதரை கியர்களில் எதுவும் தெரியாது. பின்னாலிருந்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்: அந்தக் கையின் மேல், கீழ் குட்டிச் சக்கரங்கள் இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லாமல், கீழ்ச்சக்கரம் ஸ்போக்ஸை நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்படி இருந்தால் அன்றைக்குப் பெரிய பல்லுக்குப் போகவே போகாதீர்கள். மெக்கானிக் அந்தக் காதை நிமிர்த்திக் கொடுப்பார். பல்சக்கரத்துக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே வட்டமான பிளாஸ்டிக் தட்டு ஒன்று வந்திருக்கும், அழகில்லை என்று பலர் உடைத்துப் போடுகிறார்கள். அது அங்கே இருப்பதே செயின் உள்ளே விழாமல் தடுக்கத்தான். விட்டுவிடுங்கள்.

உப்புக் காற்றுக்கு வருவோம். லீவரிலிருந்து கியருக்குப் போகும் மெல்லிய கம்பி, உறைக்குள் துருப்பிடித்தால் இறுகிவிடும். கிளிக் கேட்கும், ஒன்றும் நடக்காது. இன்னொரு கிளிக் தள்ளுவீர்கள், அப்போது இரண்டு படியும் சேர்ந்து ஒரே தாவலாக மாறும். சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சோதிக்கும்போதே இதையும் கவனியுங்கள்: ஒரு கிளிக்குக்கு ஒரு பெடல் சுற்றுக்குள் செயின் மாறிவிட வேண்டும். தாமதித்தால் கம்பியையும் உறையையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை. வாரம் ஒருமுறையாவது எல்லா கியரையும் சமதரையில் போட்டு எடுத்தால் கம்பி இறுகாது, கைக்கும் பழகும்.

செயினுக்கு ஒரு சாதாரண ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் அரை அங்குலம். புது செயினில் 24 இடைவெளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பின் பற்களும் தேய்ந்திருக்கும், ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பற்களில் புது செயின் போட்டால், ஏற்றத்தில் பாரம் விழுந்ததும் தாவத் தொடங்கும். எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் பறக்கிற சாலையில் ஓட்டுகிறவர்கள் செயினில் கிரீஸ் அப்பாதீர்கள். தூசி அதில் ஒட்டி அரைத்தே தேய்த்துவிடும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததை மறுபடி துடைத்தால் போதும்.

பாலத்தின் நடுவில் எப்படியோ நின்றுவிட்டீர்கள், கியரும் கடினமானதில் இருக்கிறது என்றால், அங்கிருந்தே மிதித்துக் கிளம்ப முயற்சிக்காதீர்கள். முதல் மிதியிலேயே சைக்கிள் வலது பக்கம் சாயும். இடது ஓரமாக இறங்கி, சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கையால் சீட்டைத் தூக்கிப் பின் சக்கரத்தை அந்தரத்தில் வைத்து, லீவரைத் தள்ளிவிட்டுப் பெடலைக் காலால் சுற்றினால் கியர் மாறிவிடும். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து ஏறுங்கள். போக்குவரத்து நெருக்கமாக இருந்தால் உச்சிவரை தள்ளிக்கொண்டே போங்கள். சைக்கிளின் இடப்பக்கம் நின்று தள்ளினால் உங்களுக்கும் லாரிக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்.

கியரே இல்லாத சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வருகிறேன், அவர்கள்தான் இங்கே அதிகம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச சைக்கிளும் ஒற்றை கியர்தான். தம்பியையோ தங்கையையோ கேரியரில் வைத்துக்கொண்டு அதில் பாலம் ஏறுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது பதறுகிறது. 1937 வரை டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தில்கூட இப்போதுள்ள மாதிரி கியரை அனுமதிக்கவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் இருந்த பெரிய பல்லில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். நாம் அதில் ஒரு பாதியை நிரந்தரமாகவே செய்துகொள்ளலாம். பின்னால் இருக்கும் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போடச் சொல்லுங்கள். 44-ஐ 22-ஆல் வகுத்தால் 2. ஒரு பெடல் சுற்றுக்கு 5.4 மீட்டருக்குப் பதில் 4.4 மீட்டர். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதியின் பாரமும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். 35 கிலோ இருந்த இடத்தில் 29 கிலோ ஆகும். சமதரையில் கால் சற்று வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பற்கள் கூடியதால் பழைய செயின் நீளம் போதாமல் போகலாம். அப்போது பின் சக்கரத்தை முன்னால் நகர்த்தியோ, செயினில் கண்ணிகள் சேர்த்தோ மாட்டுவார்கள். துருப்பிடித்த பழைய செயினாக இருந்தால் ஒட்டுப்போட விடாதீர்கள், புது செயினாகவே போடச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் செயினின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் ஏற்றத்தில் கழன்று விழும். ஆடவே இல்லை என்றால் ஃப்ரீவீல் சீக்கிரம் கெடும். சக்கரத்தின் இரண்டு பக்க நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன்பே ஸ்பேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ரீவீல் மாற்றிய கையோடு பாலம் ஏறும்போது சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஃப்ரேமில் உரசுவது, அந்த நட்டைச் சரியாக முடுக்காமல் விடுவதால்தான்.